போட்டோ இல்லாமலே டைல் கணக்கு: சுவரையும் தரையையும் வார்த்தையில் சொல்லும் முறை

திருமங்கலத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த ஓர் அக்கா ஒருநாள் போன் செய்தார். "தம்பி, பாத்ரூம் மாடல் போட்டோ வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கேன். நம்ம பாத்ரூமுக்கு எத்தனை பாக்ஸ் வேணும்னு சொல்லு."

"டைல் என்ன சைஸ்க்கா?"

"அதான் போட்டோல தெளிவா தெரியுதே தம்பி."

போட்டோ தெளிவாகத்தான் இருந்தது. அடியில் கறுஞ்சாம்பல், நடுவில் பூ வேலைப்பாடு உள்ள ஒரு வரிசை, மேலே வெள்ளை. ஆனால் அதிலிருந்து சைஸைச் சொல்ல முடியாது. 10க்கு 15 இஞ்ச் டைலும் 12க்கு 18 இஞ்ச் டைலும் ஒரே விகிதம்தான், இரண்டுக்கு மூன்று. படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஓர் அடி சதுர டைலையும் இரண்டடி சதுர டைலையும் பிரித்துச் சொல்லவும் பக்கத்தில் ஒரு பக்கெட்டாவது இருந்தால்தான் உண்டு. படம் நிறத்தைச் சொல்லும், அமைப்பைச் சொல்லும். அளவைச் சொல்லாது, எங்கே வெட்டுத் துண்டு வருகிறது என்பதையும் சொல்லாது. கணக்குக்குத் தேவை அந்த இரண்டும்தான்.

டைல் பதிக்கும் குழுவுக்கு அளவெடுத்துக் கொடுப்பது என் வேலை. பாதிக் கணக்கு போனில்தான் நடக்கும். சுவரைச் சதுர அடியாகச் சொல்லாமல், வரிசையாகவும் எண்ணிக்கையாகவும் சொன்னால் போட்டோவே வேண்டாம். கேட்பவர் ஒரு தாளில் கோடு போட்டே முழுக் கணக்கையும் எடுத்துவிடலாம். அந்த அக்காவின் பாத்ரூமை வைத்தே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் டைலின் உண்மையான அளவு

கடையில் "12க்கு 18" என்று சொல்லும் டைல் உண்மையில் 300க்கு 450 மி.மீ. பன்னிரண்டு இஞ்ச் என்றால் கிட்டத்தட்ட 305 மி.மீ. இருக்க வேண்டும். டைல் அதைவிட 5 மி.மீ. சின்னது. "இரண்டுக்கு இரண்டு" என்பது 600 மி.மீ. சதுரம். வாயால் சொல்லும்போது அது 4 சதுர அடி. அளந்தால் 3.88 சதுர அடிதான்.

ஒரு டைலில் இது பெரிய வித்தியாசமாகத் தெரியாது. 400 சதுர அடி ஹாலுக்கு "நாலால் வகுத்தால் 100 டைல்" என்று கணக்குப் போடுபவருக்கு, இடைவெளியையும் சேர்த்துக்கூட 390 சதுர அடிதான் மூடும். மூன்று டைல் குறையும். வெட்டுச் சேதாரம் இன்னும் அதில் சேரவே இல்லை. அதனால் அளவை மி.மீ.-யில் சொல்லுங்கள். பாக்ஸின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும்.

பாக்ஸ் கையில் இல்லை, ஏற்கெனவே பதித்த தரையையோ சுவரையோ பார்த்துச் சொல்கிறீர்கள் என்றால் ஒற்றை டைலை மட்டும் அளக்காதீர்கள். ஒரு டைலின் இடது விளிம்பில் டேப்பை வைத்து, பத்து டைல் தள்ளி, பதினோராவது டைலின் இடது விளிம்பு வரை அளந்து பத்தால் வகுங்கள். 3020 மி.மீ. வந்தால் ஒரு டைலுக்கு 302. அதாவது 300 மி.மீ. டைலும் 2 மி.மீ. இடைவெளியும். ஒற்றை டைலை அளக்கும்போது டேப் ஒரு மி.மீ. நகர்ந்தாலும் கணக்கு தவறும். பத்தில் அந்தத் தவறு பத்தில் ஒரு பங்காகிவிடும். பெரிய டைலுக்கு ஐந்து போதும்.

இடைவெளியைத் தவறாமல் சொல்ல வேண்டும். ஸ்பேசர் வைத்துப் பதித்தால் 2 மி.மீ., 3 மி.மீ. என்று வரும். வரிசை எண்ணும்போது டைலோடு அதையும் கூட்டித்தான் எண்ண வேண்டும்.

சுவர்களுக்குப் பெயர் வையுங்கள்

"பெரிய சுவர்", "பைப் இருக்கிற சுவர்" என்று சொன்னால் போனில் குழப்பம்தான் மிஞ்சும். கதவில் நின்று உள்ளே பாருங்கள். உங்கள் இடக்கைப் பக்கம் இடது சுவர், கண்ணெதிரே எதிர்ச்சுவர், வலக்கைப் பக்கம் வலது சுவர், உங்கள் முதுகுக்குப் பின்னால் கதவுச் சுவர். இந்த நான்கு பெயரும் இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

அக்காவின் பாத்ரூம் உள் அளவு 5 அடிக்கு 8 அடி. இடதும் வலதும் 8 அடி, எதிர்ச்சுவரும் கதவுச் சுவரும் 5 அடி. டைல் உயரம் 7 அடி. கதவு நிலையின் வெளி அளவு 30 இஞ்ச், உயரமும் 7 அடி. கதவுச் சுவரில் நிலைக்கு ஒரு பக்கம் 6 இஞ்ச், மறு பக்கம் 24 இஞ்ச் சுவர் மிச்சம். எதிர்ச்சுவரில் 6 அடி உயரத்தில் தொடங்கும் ஒரு வென்டிலேட்டர், அகலம் 2 அடி.

அளக்கும்போது ஒவ்வொரு சுவரையும் கீழே, நடுவில், மேலே என்று மூன்று இடத்தில் அளந்து பெரிய அளவை எடுங்கள். பூச்சு வேலை முடிந்த சுவரைத்தான் அளக்க வேண்டும். செங்கலோடு இருக்கும்போது அளந்த அளவு பூச்சுக்குப் பிறகு இரண்டு பக்கமும் குறைந்துவிடும். டைல் பதிக்கும்போதும் அப்படித்தான். நீளச் சுவர்களை முதலில் முடித்தால், டைலும் கலவையும் சேர்ந்து பக்கத்துக்கு 20 மி.மீ. போல உள்ளே வரும். குறுக்குச் சுவர் 4 செ.மீ. குறையும். பல சமயம் இதனால் எண்ணிக்கை மாறாது. ஆனால் கடைசித் துண்டு விரல் அகலத்துக்கு வருகிற மாதிரி இருந்தால் இதையும் கழித்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

படுக்கையா, நெட்டையா

போனில் அதிகம் விட்டுப்போவது இந்த விவரம்தான். 300க்கு 450 டைலின் நீளப்பக்கம் தரையோடு ஓடுகிறதா, இல்லை மேல்நோக்கி நிற்கிறதா? சுவரின் பரப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். வெட்டு வருகிற இடம் அடியோடு மாறிவிடும்.

அக்காவின் 8 அடிச் சுவர் 2438 மி.மீ. நெட்டையாக வைத்தால் ஒரு டைலுக்கு 302 வீதம் எட்டு முழு டைல் போக 22 மி.மீ. மிஞ்சுகிறது. விரல் அகலத் துண்டு. அதை வெட்டினால் பாதி உடையும், ஒட்டினாலும் கண்ணை உறுத்தும். அதைத் தவிர்க்க இரண்டு ஓரத்திலும் துண்டு வருகிற மாதிரி நடுவிலிருந்து பதித்தாக வேண்டும். அப்போது எண்ணிக்கையும் மாறும். படுக்கையாக வைத்தால் ஒரு டைலுக்கு 452. ஐந்து முழு டைல் போக 178 மி.மீ., அதாவது 7 இஞ்ச் துண்டு. வெட்டவும் எளிது, பார்க்கவும் நன்றாக இருக்கும். அக்கா கேட்ட மாடலும் படுக்கைதான்.

உயரத்தையும் அப்படியே பாருங்கள். 7 அடி என்பது 2134 மி.மீ. படுக்கையில் ஒரு வரிசை 302 என்றால் ஏழு வரிசைக்கு 2114. இரண்டு செ.மீ. குறைகிறது. அதனால் "7 அடி உயரம்" என்று மட்டும் சொன்னால் கேட்பவர் எட்டாவது வரிசைக்கும் டைல் சேர்த்துவிடலாம். "ஏழு வரிசை, அதோடு முடிகிறது" என்று சொன்னால் அந்தச் சந்தேகமே வராது. ஏழாவது வரிசைக்கு மேல் விடுபடும் 2 செ.மீ. பூச்சில் சரியாகிவிடும்.

இந்த இடத்திலேயே ஜாயின்ட்டையும் சொல்லிவிடுங்கள். மேல் வரிசை டைலின் கோடு கீழ் வரிசைக் கோட்டுக்கு நேராக வந்தால் நேர் ஜாயின்ட். செங்கல் கட்டுமானம்போல ஒன்றுவிட்டு ஒன்று நகர்ந்திருந்தால் செங்கல் ஜாயின்ட். அப்போது எவ்வளவு நகர்கிறது, பாதியா மூன்றில் ஒன்றா என்பதும் வேண்டும். இந்த பாத்ரூமில் நேர் ஜாயின்ட்.

ஒரு வரிசையை எண்ணினால் போதும்

இப்போது ஒரே ஒரு வரிசையை எடுத்துக்கொண்டு கதவிலிருந்து சுற்றி வாருங்கள்.

இடது சுவர்: 5 முழு டைல், 1 துண்டு (178 மி.மீ.)
எதிர்ச்சுவர்: 3 முழு டைல், 1 துண்டு (168 மி.மீ.)
வலது சுவர்: 5 முழு டைல், 1 துண்டு (178 மி.மீ.)
கதவுச் சுவர்: 24 இஞ்ச் பக்கம் 1 முழு டைல், 1 துண்டு (158 மி.மீ.), 6 இஞ்ச் பக்கம் 1 துண்டு (152 மி.மீ.)

மொத்தம் 14 முழு டைல், 5 துண்டு. மூலையில் குறுகும் அளவைக் கழித்தாலும் துண்டுகள்தான் இன்னும் கொஞ்சம் சின்னதாகும், எண்ணிக்கை இதேதான்.

துண்டுகளை அளவோடு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 450 மி.மீ. டைல் ஒன்றிலிருந்து 178 மி.மீ. துண்டு இரண்டு எடுக்கலாம். பிளேடு தின்னும் 2, 3 மி.மீ. போனாலும் மிச்சம் இருக்கும். அதனால் ஐந்து துண்டுக்கு ஐந்து டைல் வேண்டாம், இரண்டரை போதும். துண்டு 225-ஐத் தாண்டியிருந்தால் ஒரு டைலுக்கு ஒரே துண்டுதான், மிச்சம் குப்பைக்குப் போகும். ஒரே பரப்புள்ள இரண்டு பாத்ரூமுக்கு வேறுவேறு எண்ணிக்கை வருவது இப்படித்தான்.

இதில் ஒரு நுணுக்கம். டைலின் நான்கு விளிம்பும் ஃபாக்டரி விளிம்பு, வழவழப்பாக இருக்கும். வெட்டிய விளிம்பு கரடுமுரடு. வெட்டிய பக்கத்தை மூலைக்குள் தள்ளி, ஃபாக்டரி விளிம்பைப் பக்கத்து டைலோடு சேர்ப்பார்கள். ஒரு டைலை வெட்டி இரண்டு துண்டு எடுத்தால், ஒன்றுக்கு ஃபாக்டரி விளிம்பு இடப்பக்கம், இன்னொன்றுக்கு வலப்பக்கம். பிளெயின் டைல் என்றால் தலைகீழாகத் திருப்பி எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். பூ, அலை என்று மேல்கீழ் உள்ள டிசைன் என்றால் திருப்ப முடியாது. அப்போது ஒரு துண்டுக்கு ஒரு டைல் என்றே எண்ணிவிடுங்கள். டைலில் "மேல்கீழ் உண்டா இல்லையா" என்று சொல்வதும் விவரிப்பில் சேர்ந்ததுதான்.

வென்டிலேட்டரைக் கழிக்க வேண்டாம். அது 6 அடியில் தொடங்குவதால் ஏழாவது வரிசையை மட்டும்தான் தொடுகிறது. அந்த இடத்து டைலை "எல்" வடிவில் வெட்டினாலும் முழு டைல் ஒன்று செலவாகும். சதுர அடிக் கணக்கில் கழித்துவிட்டு, பதிக்கும் அன்று டைல் போதாமல் நிற்பது இந்த மாதிரிச் சின்னத் திறப்புகளால்தான். கதவு மாதிரி முழு உயரத்துக்கும் உள்ள திறப்பை மட்டும் கழியுங்கள்.

நிறத்துக்கு நிறம் தனிக் கணக்கு

வரிசைகளைக் கீழிருந்து மேலே எண்ணிச் சொல்லுங்கள். 1, 2, 3 டார்க். 4 ஹைலைட்டர். 5, 6, 7 லைட்.

டார்க் மூன்று வரிசை: 14 வீதம் 42 முழு டைல். துண்டு 15, இரண்டுக்கு ஒரு டைல் வீதம் 8 டைல். மொத்தம் 50.
லைட் மூன்று வரிசை: அதே 50.
ஹைலைட்டர் ஒரு வரிசை: பூ டிசைன், திருப்ப முடியாது. 14 முழு, 5 துண்டுக்கு 5 டைல். மொத்தம் 19.

இப்போது வழக்கமான சதுர அடிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சுற்றளவு 26 அடி, கதவுக்கு 2.5 கழித்தால் 23.5. உயரம் 7 அடி. பரப்பு 164.5 சதுர அடி. டைலுக்கு 1.5 என்று வகுத்தால் 110 டைல். ஏழு வரிசைக்குப் பிரித்தால் டார்க் 47, லைட் 47, ஹைலைட்டர் 16. அந்த டைல் பாக்ஸுக்கு 6 என்று வந்தது. 47-க்கு 8 பாக்ஸ் வாங்கினால் 48 டைல். தேவையோ 50. டார்க்கில் 2 குறையும், லைட்டில் 2 குறையும், ஹைலைட்டரைத் தனித்தனியாக 16 வாங்கினால் அதில் 3 குறையும். பத்து சதவீதம் கூட்டி மொத்தமாக 121 வாங்கினாலும், கூட்டியது எந்த நிறத்தில் என்று பார்க்காவிட்டால் ஒன்று மிஞ்சி இன்னொன்று குறையும். டார்க்கில் மிஞ்சியதை வெள்ளை வரிசையில் ஒட்ட முடியாதே.

எனக்கே ஒருமுறை இது நடந்தது. வேறொரு வீட்டில் டார்க் இரண்டு டைல் குறைந்தது. அதே கடை, அதே மாடல், ஒரு பாக்ஸ் கூட வாங்கி வந்தோம். பேட்ச் நம்பர் வேறு. பாக்ஸைப் பிரித்ததும் தெரியவில்லை, சுவரில் ஒட்டி ஈரம் காய்ந்த பிறகுதான் ஒரு சாயல் வெளுப்பாகத் தெரிந்தது. கதவுக்குப் பின்னால் அடி வரிசையில் இருந்த நல்ல டைல் இரண்டைப் பெயர்த்து எடுத்து முன்னால் ஒட்டி, வெளுத்ததை அங்கே மறைத்தோம். ஒரு நாள் கூலி போனது. அதிலிருந்து நிறத்துக்கு நிறம் தனியாக எண்ணாமல் நான் பாக்ஸ் சொல்வதில்லை.

பாக்ஸாக மாற்றுவது

சேதாரத்தைச் சதவீதமாகப் போடுவது வழக்கம். நேராகப் பதித்தால் 5 முதல் 10, மூலைவாட்டில் டயமண்டாகப் பதித்தால் 15 என்பார்கள். அந்தச் சதவீதத்தில் வெட்டுத் துண்டும் உடைசலும் சேர்ந்தே இருக்கின்றன. வரிசைக் கணக்கில் துண்டுகளை நாம் ஏற்கெனவே எண்ணிவிட்டோம். இனி உடைசலுக்கும் பின்னாளைய பழுதுக்கும் மட்டும் கூட்டினால் போதும். குழாய்க்கு ஓட்டை போடும் டைல்கள்தான் அதிகம் உடையும். அதனால் எந்த வரிசையில் குழாய், ஷவர், கீசர் பாயின்ட் வருகிறது என்று சொல்லுங்கள். ஹைலைட்டர் வரிசையிலேயே மிக்சர் வந்தால் அதில் இரண்டு கூட வேண்டும்.

டார்க் 50, நிறத்துக்கு இரண்டு கூட்டி 52. ஒன்பது பாக்ஸில் 54. லைட்டும் அப்படியே 9 பாக்ஸ். ஹைலைட்டர் 21. கடையில் தனித்தனியாகத் தருவார்கள் என்றால் 21, பாக்ஸாகத்தான் என்றால் 4 பாக்ஸ், 24. மொத்தம் 22 பாக்ஸ். எல்லாப் பாக்ஸிலும் பேட்ச் நம்பரும் ஷேடும் ஒன்றா என்று வண்டியில் ஏற்றும் முன்பே பார்க்க வேண்டும்.

டைல் இடைவெளியை அடைக்கும் கிரௌட்டுக்கும் இதே விவரம் போதும். டைல் அளவு, இடைவெளி 2 மி.மீ., டைல் தடிமன் 8 மி.மீ. என்று தெரிந்தால் இந்த 15 சதுர மீட்டர் சுவருக்கு 2 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் வரும். டார்க்குக்கு ஒரு நிறம், லைட்டுக்கு ஒரு நிறம் என்றால் இரண்டு இரண்டு கிலோவாக வாங்கிக்கொள்ளலாம்.

பூ சேரும் தரை: ஆத்தங்குடி கணக்கு

சுவரில் வரிசை என்றால், டிசைன் தரையில் "மறுபடி வரும் துண்டு" எத்தனை டைல் என்று சொல்ல வேண்டும். செட்டிநாட்டு ஆத்தங்குடிக் கல் இதற்கு நல்ல உதாரணம். கண்ணாடிப் பலகையின்மேல் வண்ணச் சிமென்ட் கலவையை ஊற்றிக் கையால் செய்வது. பல டிசைனில் ஒரு கல்லில் கால் பூதான் இருக்கும், நான்கு கல் சேர்ந்தால்தான் முழுப் பூ. "பூப்போட்ட கல்" என்று மட்டும் சொன்னால் கேட்பவருக்கு ஒரு கல்லில் ஒரு பூவா, நான்கு கல்லுக்கு ஒரு பூவா என்று தெரியாது.

10 அடிக்கு 12 அடி அறை, 8 இஞ்ச் கல் என்று வைத்துக்கொள்வோம். அகலத்தில் 15 கல், நீளத்தில் 18 கல், மொத்தம் 270. சுற்றிலும் ஒரு வரிசை பார்டர் வைத்தால் உள்ளே 13க்கு 16. பூவுக்கு இரண்டு கல் அகலம். பதின்மூன்றில் ஆறரைப் பூதான் வரும், ஒரு பக்கம் பூ பாதியில் அறுந்து நிற்கும். பார்டரை இரண்டு வரிசையாக்கினாலும் 11 ஆகும், அதுவும் ஒற்றைப்படைதான்.

வழி இருக்கிறது. 12 அடிப் பக்கம் இரண்டிலும் சுவரோரமாகப் பிளெயின் கல்லைப் பாதியாக வெட்டி, 4 இஞ்ச் பட்டையாக ஓட்டுங்கள். பக்கத்துக்கு 18 பாதி, இரண்டு பக்கத்துக்கு 36 பாதி, அதற்கு 18 முழுக் கல். இப்போது நடுவில் 14க்கு 18. அதைச் சுற்றி பார்டர் 56, மூலைக் கல் 4. உள்ளே 12க்கு 16, அதாவது 192 பூக்கல். 48 முழுப் பூ. எல்லாம் கூட்டினால் 18, 56, 4, 192, அதே 270. மொத்த எண்ணிக்கை மாறவில்லை, ஆனால் நான்கு வகைக் கல்லும் எத்தனை எத்தனை என்பது இப்படி எண்ணினால்தான் தெரியும். கல்லுக்குக் கல் வரும் ஓரிரு மி.மீ. வித்தியாசத்தையும் அறையின் கோணலையும் அந்தப் பாதிப் பட்டையே வாங்கிக்கொள்ளும். வெட்டிய விளிம்பை ஸ்கர்ட்டிங் மூடிவிடும்.

மூலைக் கல்லைத் தனியாகச் சொல்ல மறக்காதீர்கள். பார்டர் டிசைன் மூலையில் திரும்ப அதற்கென்றே தனி அச்சில் செய்த கல் வேண்டும். நான்குதான் என்று அசட்டையாக விட்டால், கையால் செய்கிற பொருள், ஒன்று உடைந்தாலும் மறுபடி செய்து காய்ந்து வரும்வரை வேலை நிற்கும். நான் ஆறு சொல்வேன்.

அனுப்ப வேண்டிய செய்தி

அக்காவின் பாத்ரூமுக்குக் கடைசியில் நான் கடைக்கு அனுப்பியது இவ்வளவுதான்:

> சுவர் டைல் 300 x 450 மி.மீ., இடைவெளி 2 மி.மீ., நேர் ஜாயின்ட், படுக்கை. கதவில் நின்று பார்த்தபடி இடது 2438, எதிர் 1524, வலது 2438, கதவுச் சுவரில் நிலை போக 610 + 152. உயரம் 7 வரிசை, அதோடு முடிகிறது. கீழிருந்து 1–3 டார்க், 4 ஹைலைட்டர் (பூ, மேல்கீழ் உண்டு), 5–7 லைட். முழு டைல் இடது சுவரில் கதவுப் பக்க மூலையிலிருந்து தொடக்கம். வென்டிலேட்டர் 7-வது வரிசையில் மட்டும், கழிக்கவில்லை. மிக்சர் 4-வது வரிசை, வலது சுவர். என் கணக்கு: டார்க் 52, ஹைலைட்டர் 21, லைட் 52. பேட்ச் ஒன்றே வேண்டும்.

செய்தியில் என் கணக்கை மட்டும் போடாமல் அளவுகளையும் போட்டதற்குக் காரணம், அவர்களும் தனியாக எண்ணிப் பார்க்கலாம் என்பதுதான். இரண்டு எண்ணிக்கையும் ஒத்துவராவிட்டால் எங்கோ ஒரு சுவரில் ஒருவர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று உடனே தெரிந்துவிடும்.

அனுப்பும் முன் ஒரு சோதனை செய்வேன். செய்தியை வீட்டில் யாரிடமாவது கொடுத்து, கட்டம் போட்ட நோட்டில் நான்கு சுவரையும் வரையச் சொல்வேன். ஒரு கட்டம் ஒரு டைல். அவர்கள் நடுவில் நிமிர்ந்து ஏதாவது கேள்வி கேட்டால், அந்த விவரம் செய்தியில் இல்லை என்று அர்த்தம். இந்தச் செய்தியை என் பெரிய மகள்தான் வரைந்தாள். வலது சுவர் வரை நிற்காமல் போட்டுவிட்டு, "அப்பா, 152 எந்தப் பக்கம், இடது சுவர்ப் பக்கமா வலது சுவர்ப் பக்கமா?" என்று கேட்டாள். அதை நான் எழுதவே இல்லை. "152 இடது சுவர்ப் பக்கம்" என்று சேர்த்துத்தான் அனுப்பினேன்.